இரவில் மாற்றிய நேரம் காலையிலும் பழையதாகவே தெரிவது ஏன்?

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் ஒன்பது வயதுப் பெண், கையில் பாட்டு நோட்டு, பக்கத்தில் குடையோடு அவளுடைய அம்மா. தாம்பரத்தில் ரயில் ஏறி, பழவந்தாங்கலில் இறங்கி, நங்கநல்லூர் வரை நடந்தே வந்திருந்தார்கள். என் மனைவி வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறாள். அன்றைய ஏழு மணி வகுப்பை முந்தைய நாள் இரவே ஒன்பதரைக்கு மாற்றியிருந்தோம்.

“காலண்டர்ல மாத்திட்டோமே, வரலையாம்மா?” என்று கேட்டாள் மனைவி.

“இல்லையே டீச்சர். கிளம்பும்போது ரீஃப்ரெஷ் கூடப் பண்ணிப் பார்த்தேன். இதோ பாருங்க” என்று அந்த அம்மா ஃபோனை நீட்டினார். சனிக்கிழமைக் கட்டத்தில் ‘வீணை வகுப்பு, 7.00’ என்றுதான் இருந்தது. ஆறே கால் மணிக்கு அதற்கான அலாரமும் அடித்திருக்கிறது.

இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தோம். குழந்தை அரைத் தூக்கத்தில் சோபாவில் சாய்ந்துவிட்டாள். ஒன்பது இருபதுக்கு வேறொரு மாணவனின் அப்பா, சரியான நேரத்துக்கு, மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய ஐஃபோனில் புது நேரம் இரவே வந்துவிட்டதாம். இரண்டு குடும்பத்துக்கும் நான் கொடுத்தது ஒரே லிங்க். ஒன்றில் வந்தது, இன்னொன்றில் வரவில்லை.

வகுப்புகளின் காலண்டரைப் பராமரிப்பது என் வேலை. கணினித் துறையில் இருக்கிறேன், வீட்டுக்காக ஒரு சின்ன சர்வரும் வைத்திருக்கிறேன். காலண்டர் கோப்பு அதில்தான் இருக்கிறது. அன்று மதியம் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அதன் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். பள்ளி, கல்லூரி, கோவில், விளையாட்டுச் சங்கம், அடுக்குமாடிச் சங்கம் என்று பல இடங்களிலும் இப்போது ‘எங்கள் காலண்டரில் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று லிங்க் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு லிங்க்கை ஃபோனில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பதிவேடு சொன்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், அந்த லிங்க்கின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். பெயர் .ics என்று முடியும். நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். எங்கள் கோப்பில் அந்த வகுப்பு இப்படி இருந்தது:

```
BEGIN:VEVENT
UID:vagupu-20250614@example.com
DTSTAMP:20250613T154000Z
SEQUENCE:1
DTSTART;TZID=Asia/Kolkata:20250614T093000
DTEND;TZID=Asia/Kolkata:20250614T103000
SUMMARY:வீணை வகுப்பு
END:VEVENT
```

DTSTART என்ற வரிதான் வகுப்பு தொடங்கும் நேரம். முந்தைய நாள் வரை அதன் கடைசியில் 070000 என்று இருந்தது, நான் 093000 என்று மாற்றினேன். DTSTAMP நான் மாற்றிய நேரத்தைச் சொல்கிறது. அது உலக நேரத்தில் 15.40, நம் கடிகாரத்தில் வெள்ளி இரவு 9.10. UID என்பது அந்த நிகழ்ச்சிக்கான அடையாள எண். நேரம் மாறினாலும் அது மாறாது, அதனால் ‘இது புது வகுப்பு இல்லை, அதே வகுப்புதான்’ என்று படிப்பவர்களுக்குத் தெரியும். SEQUENCE எத்தனையாவது திருத்தம் என்பதற்கான எண்ணிக்கை.

இந்தக் கோப்பில் என்ன இல்லை என்பதுதான் முக்கியம். யார் யார் இதைப் பார்க்கிறார்கள் என்ற விவரம் இதில் எங்கேயும் இல்லை. சந்தா என்று சொல்கிறோமே தவிர, சந்தாதாரர் பட்டியல் என்று ஒன்று என்னிடம் கிடையாது. அந்த அம்மா லிங்க்கைத் தன் ஃபோனில் சேர்த்தபோது என் சர்வருக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை. யாரோ வந்து கோப்பைப் படித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவே அதற்குத் தெரியும். அதனால் நான் நேரத்தை மாற்றும்போது அதை யாருக்கும் அனுப்ப வழியில்லை. கோவில் வாசல் கரும்பலகையில் உற்சவ நேரத்தை அழித்து எழுதுவதைப் போன்றது இது. எழுதியவர் தன் வேலையை முடித்துவிட்டார். ஊருக்குத் தெரிவது, ஊரார் அந்தப் பக்கம் எப்போது வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் யார், எப்போது வந்து பார்க்கிறார்கள்? அதற்குத்தான் பதிவேடு. ஒவ்வொரு முறை யாராவது கோப்பைக் கேட்கும்போதும் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கும். அந்த இரவின் வரிகளில் நமக்கு வேண்டியவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்:

```
13/Jun 20:37  GET /vagupu.ics  200
13/Jun 21:42  GET /vagupu.ics  200
14/Jun 07:52  GET /vagupu.ics  200
```

முதல் வரியும் மூன்றாவது வரியும் அந்த அம்மா பயன்படுத்தும் காலண்டர் சேவையின் சர்வர் வந்துபோன நேரங்கள். நடுவில் இருப்பது அந்த அப்பாவின் ஐஃபோன். நான் நேரத்தை மாற்றியது 9.10க்கு. சேவையின் சர்வர் 8.37க்கே வந்து, பழைய ஏழு மணியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெறும் 33 நிமிட வித்தியாசம். அடுத்து அது வந்தது மறுநாள் காலை 7.52க்கு, அதாவது பதினொன்றே கால் மணி நேரம் கழித்து. அப்போது தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் முக்கால் மணி நேரம் முன்னால் மாற்றியிருந்தால் அவர்களுக்கு இரவே தெரிந்திருக்கும்.

‘கிளம்பும்போது ரீஃப்ரெஷ் பண்ணேன்’ என்று அவர் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. அவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார், இருந்தும் புது நேரம் வரவில்லை. காரணம் என்னவென்றால், அவருடைய ஃபோன் என் சர்வரிடம் பேசுவதே இல்லை. கோப்பை எடுத்துப் போவது அந்தச் சேவையின் சர்வர். ஃபோன் கேட்பது அந்தச் சேவையிடம். ஃபோனில் ரீஃப்ரெஷ் அழுத்தினால், ‘உன்னிடம் இருப்பதைக் கொடு’ என்றுதான் ஃபோன் சேவையிடம் கேட்கும். ‘போய்ப் புதிதாக வாங்கி வா’ என்று கேட்பதில்லை. சேவையின் கையில் 8.37க்கு எடுத்த பிரதி இருந்தது, அதையே மறுபடி கொடுத்தது. அவர் பத்து முறை அழுத்தியிருந்தாலும் ஏழு மணிதான் வந்திருக்கும். நம்மில் பலர் ஃபோனைச் சந்தேகிக்கிறோம், நெட் சரியில்லை என்கிறோம், அணைத்துப் போடுகிறோம். தாமதம் அங்கே இல்லை.

அந்த அப்பாவின் ஐஃபோனில் நிலைமை வேறு. அவர் லிங்க்கை நேரடியாக ஃபோனிலேயே சேர்த்திருந்தார். அதனால் ஃபோனே என் சர்வருக்கு வந்து கோப்பை எடுக்கிறது. இடையில் ஆள் இல்லை. ஐஃபோன் செட்டிங்ஸில், காலண்டர் கணக்குகளுக்குக் கீழே, புதுத் தகவலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி என்று இருக்கும். காலண்டர்களின் பட்டியலைத் திறந்து விரலால் கீழே இழுத்தால் அப்போதே போய் எடுக்கவும் செய்யும். மேக் கணினியில் சந்தாக் காலண்டரின் விவரத்தைத் திறந்தால் 5 நிமிடம் முதல் ஒரு வாரம் வரை தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஐஃபோன் வைத்திருப்பவரே லிங்க்கை முதலில் ஏதாவது இணையக் காலண்டர் சேவையில் சேர்த்துவிட்டு, அந்தக் கணக்கை ஐஃபோனில் போட்டுப் பார்க்கிறார் என்றால், அவரும் அந்தச் சேவையின் வருகைக்காகக் காத்திருப்பவர்தான். கையில் இருக்கும் ஃபோன் எது என்பது இங்கே பொருட்டில்லை, லிங்க்கை எங்கே சேர்த்தோம் என்பதுதான் பொருட்டு.

பெரிய சேவைகள் இதை மறைப்பதில்லை. வெளியிலிருந்து லிங்க் மூலம் சேர்த்த காலண்டரின் மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளின் உதவிப் பக்கம் சொல்கிறது. அவுட்லுக்கின் இணையக் காலண்டருக்கு, ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், ஆனால் 24 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்கிறது மைக்ரோசாஃப்ட். லிங்க்கைச் சேர்க்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் திறந்து படிப்பதில்லை, அதுதான் சிக்கல். காலண்டர் என்றாலே ‘இப்போதைய நிலவரம்’ என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அரிதாக வருகிறார்கள்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் என்ன? கணக்குப் போட்டால் விளங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு காலண்டருக்கு நாளொன்றுக்கு 288 வருகை. 12 மணிக்கு ஒருமுறை என்றால் இரண்டே வருகை. எங்கள் வகுப்புக் காலண்டர் மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். 288 முறை வந்தால் அவற்றில் ஏறக்குறைய எல்லா வருகையிலும் ‘ஒன்றும் மாறவில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு காலண்டருக்கு இது பெரிதில்லை. உலகத்தில் உள்ள பள்ளிகள், பண்டிகைகள், பந்தயங்கள் எல்லாவற்றின் காலண்டரையும் ஒரே சேவை சுமக்கும்போது, இப்படி வெறுங்கையோடு திரும்பும் பயணங்களே பெரும் சுமையாகிவிடும். கோப்பை வைத்திருப்பவருக்கும் அதே தொல்லைதான். என்னைப் போலச் சின்ன சர்வர் வைத்திருப்பவர்கள் அவ்வளவு வருகையைத் தாங்க மாட்டார்கள்.

கோப்பின் அமைப்பும் இதற்கு உதவுவதில்லை. ‘நேற்றிலிருந்து என்ன மாறியது, அதை மட்டும் கொடு’ என்று இந்தக் கோப்பிடம் கேட்க முடியாது. ஒரு வரி மாறியிருந்தாலும் முழுக் கோப்பையும் எடுத்துப் போய், பழைய பிரதியோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பு மாறவே இல்லை என்றால் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. வருபவர் ‘போன முறை நான் எடுத்த பிரதியின் அடையாளம் இது’ என்று ஒரு சொல்லைக் காட்டுவார். அதே பிரதிதான் இன்னும் இருக்கிறது என்றால் சர்வர் கோப்பைத் தராமல் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லும். சுமை குறையும், ஆனால் வந்து கேட்டாக வேண்டும் என்ற நிலை மாறாது.

இந்தக் கோப்பு வடிவம் 1998 நவம்பரில் தரமாக வெளியானது. 2002இல் ஆப்பிள் தன் காலண்டர் செயலியைக் கொண்டுவந்தபோது, webcal என்று தொடங்கும் முகவரியைச் சொடுக்கினால் அடுத்தவரின் காலண்டர் நம் கணினியில் வந்து உட்காரும் என்ற பழக்கம் பரவியது. வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குப் போய்வந்த காலம் அது. விடுமுறைப் பட்டியல், பந்தய அட்டவணை போன்றவற்றை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற அளவில் அந்த ஏற்பாடு மிகச் சரியாகவே இருந்தது. இன்றைக்கும் அவற்றுக்குச் சரிதான். நாளைக் காலை வகுப்பை இன்று இரவு மாற்றும் வேலைக்கு நாம்தான் அதை இழுத்துவந்திருக்கிறோம்.

வெளியிடுபவர் தன் விருப்பத்தைச் சொல்ல வழி உண்டு. 2016இல் சேர்க்கப்பட்ட ஒரு வரி இருக்கிறது. அதற்கும் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ள, தரத்தில் இடம்பெறாத இன்னொரு வரியும் உண்டு. இரண்டையும் சேர்த்தே போடுவது வழக்கம்:

```
REFRESH-INTERVAL;VALUE=DURATION:PT1H
X-PUBLISHED-TTL:PT1H
```

‘ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்பது இதன் பொருள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நம்பிக்கையோடு இவற்றைக் கோப்பின் தலையில் சேர்த்தேன். இரண்டு வாரம் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தச் சேவையின் வருகை நேரங்களில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு தர ஆவணத்தைத் திறந்து படித்தபோதுதான் வார்த்தையின் எடை புரிந்தது. அந்த வரி சொல்வது, குறைந்தது இவ்வளவு இடைவெளி விடுங்கள் என்ற யோசனை. ‘இதற்குள் அடிக்கடி வராதீர்கள்’ என்று கேட்டுக்கொள்கிறது. ‘இதற்குள் கட்டாயம் வந்துவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. அடிக்கடி வரும் செயலிகளைக் கொஞ்சம் பொறுக்கச் செய்ய அது உதவும், தாமதமாக வருபவரை விரட்ட உதவாது.

இதுவரை சொன்னது வந்து எடுப்பவர் பக்கத்துத் தாமதம். கோப்பை வைத்திருப்பவர் பக்கமும் தாமதம் உண்டு. அது சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் விளைவு பெரிது. என் சர்வரில் கோப்பு கேட்கும்போதே உருவாகிறது, அதனால் அந்தத் தொல்லை இல்லை. பல நிறுவனங்களின் இணையதளங்களில் அப்படி இல்லை. அலுவலகத்தில் ஒருவர் நேரத்தை மாற்றுவார், கோப்பு மணிக்கு ஒருமுறைதான் புதிதாக எழுதப்படும். அல்லது வேகத்துக்காக முன்னால் ஒரு தற்காலிகப் பிரதியை வைத்து அதையே ஒரு மணி நேரம் எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். இப்படி நினைத்துப் பாருங்கள். மாலை 7.05க்கு நேரத்தை மாற்றுகிறார்கள். கோப்பு புதிதாக எழுதப்படுவது 8 மணிக்கு. காலண்டர் சேவை 7.50க்கு வருகிறது. பழைய கோப்புதான் கிடைக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறது. அதன் அடுத்த வருகை மறுநாள் காலை 7.50. ஐந்து நிமிடத்தில் கோப்பு எழுதப்பட்டிருந்தால் 45 நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, 12 மணி 45 நிமிடம் கழித்துத் தெரிகிறது. மேல்முனையில் 55 நிமிடம் தாமதித்ததற்குக் கீழ்முனையில் அரை நாள் போய்விட்டது. பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போய், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்கிறோமே, அதே கதைதான்.

உங்கள் காலண்டரில் பழைய நேரம் தெரிகிறது, குழுவில் யாரோ ‘மாறிவிட்டது’ என்கிறார்கள் என்றால், தாமதம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சந்தா லிங்க்கை நகலெடுத்து, தொடக்கத்தில் webcal என்று இருந்தால் அதை https என்று மாற்றி, கணினியின் பிரௌசரில் போடுங்கள். கோப்பு இறங்கும். நோட்பேடில் திறந்து, நிகழ்ச்சியின் பெயரைத் தேடி, அதன் DTSTART வரியைப் பாருங்கள். அங்கே புது நேரம் இருந்தால் வெளியிட்டவர் தன் வேலையைச் செய்துவிட்டார், உங்கள் சேவை இன்னும் வந்து எடுக்கவில்லை. அங்கேயே பழைய நேரம்தான் என்றால், உங்கள் ஃபோனில் என்ன செய்தும் பயனில்லை, வெளியிடுபவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நேரத்தின் கடைசியில் Z என்ற எழுத்து இருந்தால் அது உலக நேரம், ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம் வரும். 040000Z என்பது நமக்குக் காலை ஒன்பதரை.

இன்னொரு நிலையும் உண்டு. அதில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றம் வரவே வராது. சிலர் லிங்க்கைச் சந்தாவாகச் சேர்க்காமல், கோப்பை இறக்கித் தங்கள் காலண்டருக்குள் கொட்டிவிடுகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கொட்டிய கோப்பு அந்த நாளின் படம் மட்டுமே, மூலத்தோடு தொடர்பு அற்றுப்போய்விட்டது. நிகழ்ச்சியைத் திறந்து நீங்களே நேரத்தைத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். திருத்த முடிந்தால் அது கொட்டியது. சந்தாவாக வந்ததைத் திருத்த விடாது, தனிப் பெயரில் தனிக் காலண்டராக நிற்கும். எங்கள் மாணவர் வீடுகளில் இரண்டு பேர் மாதக்கணக்கில் இப்படித்தான் வைத்திருந்தார்கள். நேரம் மாறும் நாள்களில் தொலைபேசியில் சொன்னதால் பிழைத்திருக்கிறார்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். சில சேவைகளில் லிங்க்கை நீக்கிவிட்டு அதையே மறுபடி சேர்த்தாலும் பழைய பிரதிதான் வருகிறது. ஒரே முகவரிக்கு ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, அதைச் சேர்த்த எல்லோருக்கும் அவர்கள் அதையே காட்டுகிறார்கள். என் பதிவேட்டிலும் அப்படித்தான் தெரிகிறது. அந்தச் சேவையில் எங்கள் காலண்டரை வைத்திருப்பவர்கள் பதினொரு பேர், ஆனால் வருகை பதினொரு மடங்காக இல்லை, ஒரே ஆள் வந்துபோவது போலத்தான் இருக்கிறது. அதனால் லிங்க்கின் கடைசியில் `?v=2` என்று ஒட்டிச் சேர்த்தால், சேவைக்கு அது புது முகவரி. உடனே போய்ப் புதுக் கோப்பை எடுத்துவரும். பெரும்பாலான சர்வர்கள் அந்த ஒட்டைப் பொருட்படுத்தாமல் அதே கோப்பைத்தான் தரும். ஆனால் இது அந்த ஒரு நாளுக்கான உதவி மட்டுமே. அடுத்த மாற்றத்துக்கு மறுபடி அதே காத்திருப்புதான். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யச் சொல்லி ஒரு தாயை நான் கேட்க முடியாது.

அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போது என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொரு கணக்கு. சேவை 12 மணிக்கு ஒருமுறை வருகிறது, நான் இரவு ஒன்பதுக்கு மாற்றுகிறேன், குடும்பம் காலை ஆறுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒன்பது மணி நேரம். அதற்குள் சேவை ஒருமுறை வந்திருக்க நாலில் மூன்று பங்கு வாய்ப்பு, வராமலிருக்க நாலில் ஒரு பங்கு. அதாவது பெரும்பாலும் சரியாகவே நடக்கும். முன்பு இரண்டு மூன்று முறை இரவில் மாற்றியபோதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் ‘காலண்டரில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும்’ என்று நாங்களும் நம்பினோம், அவர்களும் நம்பினார்கள். எப்போதுமே வராது என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். நாலில் மூன்று முறை வருவதால்தான் நாலாவது முறை ஒரு குழந்தை தூறலில் வந்து நிற்க வேண்டியதாகிறது.

எங்கள் ஏற்பாட்டை இப்போது மாற்றியிருக்கிறோம். ஒரே சேவையில் கணக்கு வைத்திருக்கும் அந்தப் பதினொரு குடும்பங்களுக்கும் லிங்க்குக்குப் பதிலாக, அதே சேவையில் ஒரு காலண்டரைத் திறந்து, அவர்களுடைய மின்னஞ்சலுக்கு நேரடியாகப் பகிர்ந்துவிட்டேன். பார்ப்பதற்கு அதே காலண்டர்தான், ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. இங்கே பிரதி எடுப்பது என்பதே இல்லை. நான் திருத்தும் பதிவும் அவர்கள் பார்க்கும் பதிவும் ஒரே சேவையின் ஒரே இடத்தில் இருப்பதால், நான் மாற்றினால் அடுத்த நிமிடமே அவர்கள் ஃபோனில் தெரிகிறது. யார் யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலும் அந்தச் சேவையிடம் இருக்கிறது, அதனால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடிகிறது. எனக்கு வேலை கூடியிருக்கிறது, ஒரே வகுப்பை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். மற்றவர்களுக்கு லிங்க்கே தொடர்கிறது. 24 மணி நேரத்துக்குள் வரும் வகுப்பை மாற்றினால், காலண்டர் எப்படி இருந்தாலும், மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள்.

லிங்க்கில் தொடர்பவர்களுக்காக ஒரு சின்ன வசதி செய்தேன். யாராவது வந்து கோப்பைக் கேட்கும்போது, என் சர்வர் ஒவ்வொரு வகுப்பின் குறிப்புப் பகுதியிலும் அந்த நேரத்தை எழுதிக் கொடுத்துவிடும்: ‘இந்தப் பிரதி எடுத்தது: வெள்ளி, இரவு 8.37’. வகுப்பைத் தொட்டுத் திறந்தால் அந்த வரி தெரியும். எப்போது எடுத்த பிரதியைப் பார்க்கிறோம் என்று எந்த ஃபோனும் தானாகச் சொல்வதில்லை, அதனால் கோப்பே சொல்லட்டும் என்று விட்டேன். கோப்பு ஒவ்வொரு முறையும் மாறுவதால் 304 என்ற குறுக்குவழி இனி எங்களுக்கு இல்லை. நாற்பது வகுப்புகள் உள்ள சின்னக் கோப்பு, அதனால் அது பாரமில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பத்து மணி இருக்கும், லிங்க்கில் தொடரும் ஒரு பாட்டி மனைவியைக் கூப்பிட்டார். பேத்தியைக் கூட்டிவருபவர் அவர்தான்.

“காலையில ஏழு மணின்னு காட்டுதும்மா. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுத்ததுன்னு கீழே போட்டிருக்கு. அதுக்கப்புறம் ஏதாவது மாத்தினியா?”

“இல்லைங்க பாட்டி, ஏழு மணியேதான். வாங்க” என்றாள் மனைவி.